வண்டியின் முதுகில் எழுதிய நகை

(செஞ்சியை அடுத்த தொண்டூரில் ஆற்றப்பெற்ற உரை)



இத் தொண்டூர்ப் பாறையில் பழந்தமிழி எழுத்தால் ஆன கல்வெட்டொன்று உள்ளது. சமண முனிவர் படுத்துறங்கக் கற்படுக்கை வெட்டிக் கொடுத்த அறச்செயலை அது சொல்லுகின்றது. கி.பி. 3ஆம் நூற்றாண்டை ஒட்டியது என்பர் கல்வெட்டறிஞர். அதில் ஏவியவன் ஒருவன், செய்தவன் ஒருவன். செய்தவன் பெயர் மோசி. இரண்டு செய்திகளைச் சில சொற்களில் அடக்கி, பாறையில் வெட்டிவிட்டு, அம் மாந்தர் மறைந்து போயினர். எழுத்து மட்டும் நின்று பேசுகின்றது.

அப் பாறையிலிருந்து இறங்கிச் செஞ்சிப் பேருந்து நிலையத்திற்கு வந்தால், அங்கும் எழுத்துகள் பேசுகின்றன. ஆனால் அவை நிற்பனவல்ல, ஓடுவன. ஆட்டோ என்று மக்கள் அழைக்கும் தானியின் முதுகிலும், லாரி என்னும் சரக்குந்தின் பின்பலகையிலும் எழுதப்பட்டவை அவை. அங்கும் ஏவியவர் ஒருவர், செய்தவர் ஒருவர். வண்டிக்காரர் சொல்லச் சொல்ல, ஓவியர் எழுதி, ஓரத்தில் தம் பெயரையும் சிறிதாகப் பொறித்துவிடுகின்றார். கல்வெட்டைக் கண்டு வியப்பவர்கள் இவ் வண்டிவெட்டைக் கண்டு சிரித்துவிட்டுப் போகின்றனர். அச் சிரிப்பு எங்கிருந்து வருகின்றது, அதில் தமிழுக்கு உள்ள பங்கு யாது என்பதே இன்றைய ஆய்வு.

முதலில் எழுதும் இடத்தைப் பார்ப்போம். ஊர்தியில் எங்கு வேண்டுமாயினும் எதையும் எழுதிவிட முடியாது. எண்பலகையில் பதிவெண் ஆங்கில எழுத்திலும் உலகெங்கும் வழங்கும் எண்ணுருவிலும் மட்டுமே இருத்தல் வேண்டும் என்று இந்திய ஊர்திச் சட்டவிதி கூறுகின்றது. அப் பலகையில் வேறு பெயரோ படமோ தொடரோ இருத்தலாகாது. தமிழெண் பொறித்துத் தண்டம் கட்டியவர் நம்முள்ளும் இருக்கலாம். அப் பலகைக்கு மேலும் கீழும் உள்ள வெற்றிடமே வண்டிக்காரருக்கு உரிய ஏடு. ஒரு தானியின் அகலம் ஏறத்தாழ 1.3 மீட்டர். அதில் விளக்குகளும் எண்பலகையும் போக எஞ்சும் இடம், ஒரு பள்ளிப்பிள்ளையின் இரு முழத்திற்கு மேல் இராது.

சரக்குந்தின் முதுகு அகன்றது. ஆயினும் அங்குத் தமிழ் குறைந்து, 'சவுண்டு ஆரன்' என்பதுபோன்ற ஆங்கில ஏவல்களே பெரிதாக நிற்கின்றன. நாம் சினந்து பயனில்லை. அதன் கரணியத்தை அறிதல் வேண்டும். நாமக்கல்லிலிருந்து புறப்படும் சரக்குந்து வடபுலம் வரை செல்லும். அங்கே அதன் பின்னால் வருபவன் தமிழறியான். அவன் ஒலி எழுப்பாமல் முந்தினால் இரண்டு உயிர்க்கும் கேடு. ஆகவே அவ் வேவல் அவன் அறிந்த மொழியில் நிற்கின்றது. வடபுலத்துச் சரக்குந்துகளில் 'ஆரன் ஓகே பிளீசு' என்பது மரபாகவே ஆகிவிட்டது. அது தேவையற்ற ஒலியைத் தூண்டுகின்றதென்று 2015-இல் மராட்டிய அரசு அதனைத் தடுத்தது என்பதும் நினைக்கத்தக்கது.

தானியின் நிலை வேறு. செஞ்சித் தானி செஞ்சியைச் சுற்றியே ஓடும். அதன் பின்னால் வருபவன் தமிழன். உள்ளே அமர்பவன் தமிழன். தெருவோரத்தில் நிற்பவன் தமிழன். அதன் முதுகில் வேற்றுமொழிக்குத் தேவையே இல்லை. தமிழ் வாழவேண்டிய இடம் அதுவேயாகும். எனவே, இவ்வுரை தானியின்மேல் கண் வைக்கின்றது.

இனி, அது படிக்கப்பெறும் முறையைக் காண்போம். பலகை எழுதுவோரிடையே ஒரு கணக்கு உண்டு. எழுத்தின் உயரம் 1 அங்குலமாயின், 10 அடித் தொலைவிலிருந்து அதனை இடர்ப்பாடின்றிப் படிக்கலாம். தானியின் முதுகில் 3 அங்குல எழுத்து அமைவதே அரிது. அமைந்தால் 30 அடி. மணிக்கு 30 கிலோமீட்டர் விரைவில் செல்லும் தானியை, 40 கிலோமீட்டர் விரைவில் வரும் இருசக்கர வண்டி நெருங்குகின்றது என்று கொள்வோம். இடைவெளி நொடிக்கு 9 அடி குறையும். 30 அடியும் தீர 3 நொடிக்குச் சற்று மேல் ஆகும். அந்த 3 நொடிக்குள் கண் படிக்கவேண்டும், உள்ளம் பொருள் கொள்ளவேண்டும், உதடு விரியவேண்டும். அதற்குள் வண்டி கடந்துவிடும். விளக்கம் கேட்க முடியாது. மீண்டும் படிக்க முடியாது. ஆதலின் இரண்டு மூன்று சொற்களுக்கு மேற்பட்டது அங்கு வாழாது. நம் புலவர்கள் எழுதித் தரும் நான்கடிப் பாட்டு, எத்துணைச் சிறப்புடையதாயினும், போக்குவரத்து விளக்கின்முன் வண்டி நிற்கும்போதன்றி வேறெப்போதும் படிக்கப்படுவதில்லை.

சொல் இத்துணைச் சிறிதாயிருக்க, சிரிப்பு எவ்வாறு பிறக்கின்றது? இதற்குத் தொல்காப்பியரே வழிகாட்டுகின்றார். மெய்ப்பாட்டியலில் நகை பிறக்கும் நிலைக்களன்களாக அவர் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு கூறுகின்றார். இவற்றுள் மடன் என்பது, பிறர் புகட்டியதைப் பொருளுணராது பற்றிக்கொண்டு விடாதிருத்தல். வண்டி நகையில் பெரும்பங்கு இம் மடத்தின்பாற்பட்டது என்றால் வியப்பாயிருக்கலாம். எடுத்துக்காட்டால் அது விளங்கும்.

'வேகம் விவேகமன்று' என்பதைக் கண்டிராதார் இலர். இது சாலைக் காப்புக்கென எழுந்த அறிவுரை; தனியே நின்றால் எவரும் நகையார். அதே தொடரை முதுகில் தாங்கிய வண்டி ஒன்று, வளைவில் மூன்று வண்டிகளை முந்திக்கொண்டு சீறிப் பாயும்போது, பின்னால் வருபவன் சிரிக்கின்றான். சொல்லில் நகை இல்லை. வண்டியின் செயலிலும் நகை இல்லை. இரண்டும் ஒன்றையொன்று மறுப்பதில் நகை பிறக்கின்றது. 'நாமிருவர் நமக்கிருவர்' என்னும் குடும்பநல அறிவுரையும் அவ்வாறே. மூவர் அமரவேண்டிய தானியில் பள்ளிப்பிள்ளைகள் எண்மர் தலைநீட்டிச் செல்கையில், அதன் முதுகில் அத் தொடர் இருந்தால் போதும், தெருவே சிரிக்கும். எழுதியவர் நகைக்க எழுதவில்லை. படிப்பவரே நகையை ஆக்குகின்றார். வண்டி எழுத்தில் பாதியை ஓவியர் எழுதுகின்றார். மறுபாதியை வண்டியின் ஓட்டம் எழுதுகின்றது. இதை உணராமல் சொல்லை மட்டும் ஆராய்பவர், நாடகத்தைப் பாராது நாடகச் சுவடியை மட்டும் படித்தவர் ஆவர்.

இவற்றுக்கெல்லாம் தலையாய தொடர் ஒன்றுண்டு. தமிழ்நாட்டுத் தானிகளின் கொடிமரம் போன்றது அது: 'பிரசவத்திற்கு இலவசம்'. அதனைச் சற்று நின்று ஆராய்தல் தகும்.

முதற்கண் அது நகைச்சுவையன்று, உறுதிமொழி. தமிழ்நாட்டில் 108 என்னும் எண்ணை அழைத்தால் வரும் நோயூர்தி, மக்கள் சொல்லும் ஆம்புலன்சு, 2008-ஆம் ஆண்டில்தான் வந்தது. அதற்குமுன், நள்ளிரவில் தொண்டூர் போன்ற ஓர் ஊரில் ஒரு பெண்ணுக்கு வலி கண்டுவிட்டால் என்ன செய்வது? கடைசிப் பேருந்து போய்விட்டது. மாட்டுவண்டி பூட்டினால் விடிந்துவிடும். தெருமுனையில் படுத்துறங்கும் தானிக்காரரை எழுப்புவதே வழி. "தம்பி, பள்ளம் பார்த்துப் போப்பா" என்று தாய் சொல்ல, அவர் குண்டுங்குழியுமான சாலையில் உருட்டி உருட்டி மருத்துவமனை சேர்ப்பார். அந்த நேரத்தில் கூலி கேட்பதில்லை என்று முதுகிலேயே எழுதிவைத்தது அத் தொழிலாளரின் அறம். மோசி வெட்டிய படுக்கைக்கும் இதற்கும் வேற்றுமை பெரிதன்று. ஒன்று துறந்தவர் துயில. மற்றொன்று பிறப்பவர் வர.

பின் ஏன் அதனைப் படித்து மக்கள் சிரிக்கின்றனர்? பேரம்தான் கரணியம். கட்டணம் காட்டும் கருவி இருந்தும் ஓடாத வண்டிகளும், அக் கருவியே இல்லாத வண்டிகளும் நம் ஊர்களில் மிகுதி. சென்னையில் 2013-இல் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 உருவா, அதன்மேல் கிலோமீட்டருக்கு 12 உருவா என்று அரசு வரையறுத்தது. வரையறுத்த பின்னும் பேரம் ஒழியவில்லை. அரைக்கல் தொலைவுக்கு ஐம்பதா அறுபதா என்று வழக்காடி ஏறியவர், இறங்கித் திரும்பிப் பார்க்கின்றார். 'பிரசவத்திற்கு இலவசம்' என்று கண்ணில் படுகின்றது. "அண்ணா, மற்றவர்களுக்கெல்லாம் சேர்த்து என்னிடமே வாங்கிவிட்டீரோ?" என்று கேட்கத் தோன்றுகின்றது. தானிக்காரரும் சிரிக்கின்றார். அறமாகப் பிறந்த தொடர், பேரத்தின் நிழலில் நகையாகப் படிக்கப்படுகின்றது. இரண்டு படிப்பும் உண்மை. நள்ளிரவில் வலியோடு ஏறுபவளுக்கு அது அறம். நண்பகலில் கடைத்தெருவுக்குப் போகின்றவருக்கு அது நகை. நோயூர்தி வந்தபின் முதற்பயன் குறைந்தது, இரண்டாவது நின்றது. இன்று பலர் அதனை ஓர் அடையாளமாகவே எழுதிக்கொள்கின்றனர்.

அவையோரே, இங்குத்தான் நம் இயக்கத்தார்க்கு ஒரு தேர்வு வருகின்றது. 'பிரசவம்' வடசொல். 'இலவசம்' என்பதன் பிறப்பில் அறிஞர்க்குள் ஒத்த கருத்தில்லை. இதனை மாற்றுதல் வேண்டும் என்று ஒரு தமிழன்பர் எழுந்தால், முதலில் என்ன செய்வார்? அகரமுதலியைத் திறப்பார். பிரசவம் என்றால் மகப்பேறு. இலவசம் என்றால் கட்டணமின்மை. 'மகப்பேற்றுக்குக் கட்டணம் இல்லை' என்று எழுதித் தருவார். பிழையில்லை. ஆனால் தானிக்காரர் அதனை எழுதமாட்டார். எழுதினாலும் எவரும் சிரியார். மருத்துவமனை அறிவிப்புப் பலகையை யாரோ கழற்றி மாட்டியதாக எண்ணுவர்.

ஏன்? பழைய தொடரைக் காதால் கேளுங்கள். பிரசவம், இலவசம்: முன்னதில் சகரமும் வகரமும், பின்னதில் வகரமும் சகரமும். ஒலிகள் இடம் மாறி நின்று விளையாடுகின்றன. இரண்டும் மகரத்தில் முடிய வல்ல சொற்கள். எழுத்தெண்ணினால் முழுத்தொடரும் 13 எழுத்தே. அது பொருளால் மட்டும் நிற்கவில்லை, ஒலியால் நிற்கின்றது. நம் அன்பர் பொருளைப் பெயர்த்தார், ஒலியைப் புதைத்துவிட்டார்.

சிலர் இன்னும் எளிதாக்குவோம் என்று 'பிள்ளைப்பேற்றுக்குக் காசில்லை' என்பர். இதனினும் கேடில்லை. வண்டிக்காரர் காசு வாங்கார் என்றும் படிக்கலாம். வண்டிக்காரர் மனைவியின் பிள்ளைப்பேற்றுக்குக் காசில்லாமல் திண்டாடுகின்றார் என்றும் படிக்கலாம். 3 நொடியில் படிப்பவன் இரண்டாவதையே கொண்டு, இரக்கப்பட்டுச் செல்வான். தூய சொல்லாலும் தவறான நகை பிறக்கும் என்பதற்கு இது சான்று.

அவ்வாறாயின் வழி இல்லையா? உண்டு. சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதை விட்டு வேருக்குச் செல்லவேண்டும். 'பெறு' என்பது வினைமுதனிலை. அது முதல் நீண்டு 'பேறு' ஆகும். முதனிலை திரிந்த தொழிற்பெயருக்குப் பள்ளி இலக்கணத்தில் காட்டும் எடுத்துக்காட்டே இதுதான். பிள்ளை பெறுவதும் பெறுதல். கூலி பெறுவதும் பெறுதல். ஒரே வேரில் இரண்டு கிளை. 'பேறுகாலம்' என்பதோ ஊர்ப்புறத்துத் தாய்மார் நாவில் இன்றும் வாழும் சொல்; அகரமுதலியில் தூங்கும் சொல்லன்று. இவற்றைச் சேர்த்தால்:

'பேறுகாலத்திற்குக் கூலி பெறேன்.'

எண்ணிப் பாருங்கள், 14 எழுத்து. பழையதைவிட ஒன்றே மிகுதி. தொடக்கத்தில் பேறு, முடிவில் பெறேன், மோனையும் அமைந்தது. 'நீ பெறு, நான் பெறேன்' என்னும் உட்பொருளும் தானே வந்து அமர்ந்தது. பேரம் பேசி ஏறியவர் இதனைப் படித்தாலும் சிரிக்கலாம்; வலியோடு ஏறுபவளுக்கு உறுதியும் தரும். இது வடசொல்லை விரட்டியதனால் வந்த சிறப்பன்று. தமிழ் வேரின் வளத்தை அறிந்ததனால் வந்தது. இதே முறையில் 'வேகம் விவேகமன்று' என்பதற்கு 'விரைவு அறிவன்று' என்றெழுதினால் அது பிணம். 'முந்தினால் பிந்துவாய்' என்றெழுதினால் உயிர் உண்டு. முந்துதலும் பிந்துதலும் எதுகையால் பிணைந்து, மருத்துவமனைப் படுக்கையில் பல நாள் பிந்தப்போவதையும் சொல்லாமற் சொல்லுகின்றன.

மற்றொரு தொடரைக் காட்டாமல் இவ்வுரை முடிதல் முறையன்று. 'சீறும் பாம்பை நம்பு. சிரிக்கும் பெண்ணை நம்பாதே' என்பதைப் பல தானிகளில் கண்டிருப்பீர்கள். அதன் சொற்களை ஆராயுங்கள். சீறுதல், பாம்பு, நம்புதல், சிரித்தல், பெண்: அத்தனையும் தமிழ். சீறும், சிரிக்கும் என்பவற்றில் மோனை. நம்பு, நம்பாதே என்பவற்றில் முரண். எழுத்தமைதியில் குறை காண இயலாது. ஓசை நயம் பழைய தொடரைவிட மிகுதி. வடசொல் கலவாத தமிழ் வேண்டும் என்று மட்டும் கேட்பவர், இதற்குப் பரிசு கொடுத்தாக வேண்டும்!

ஆனால் அதே தானியில் ஏறுபவர் யார்? காலையில் பள்ளிக்குச் செல்லும் சிறுமி; சந்தைக்குக் கூடை சுமக்கும் அம்மை; மருத்துவமனைக்குச் செல்லும் கருவுற்றவள். கூலி கொடுப்பவருள் பலர் பெண்டிராயிருக்க, அவர்களை நம்பாதே என்று முதுகில் எழுதிக்கொண்டு அவர்களையே ஏற்றிச் செல்வது, தொல்காப்பியர் சொன்ன பேதைமையன்றி வேறென்ன? எழுதியவர் அதனை எள்ளல் என்று எண்ணுகின்றார். உள்ளே அமர்ந்திருப்பவள் சிரிப்பதில்லை. பின்னால் வரும் ஆடவர் சிலர் மட்டும் சிரிக்கின்றனர். ஒரு பகுதியார் சிரிக்க, ஒரு பகுதியார் தலைகுனியும் எழுத்து, தெருவுக்குப் பொதுவான நகையாகாது. பேறுகாலத்திற்கு உதவும் வண்டியும் இதுவே, பெண்ணைப் பழிக்கும் வண்டியும் இதுவே என்னும்போது, அதன் முரண் நகையைக் கடந்து நாணத்திற்கு உரியதாகின்றது.

இப்போது இரண்டு தொடர்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒன்றில் தலைச்சொல் வேற்றுச்சொல், உள்ளமோ தமிழுள்ளம். மற்றொன்றில் சொல்லெல்லாம் தமிழ், உள்ளமோ நஞ்சு. இரண்டனுள் எது தமிழுக்கு ஆக்கம்? சொல்லைத் தூய்மை செய்தால் கருத்துத் தானே தூயதாகும் என்று நம்பியிருப்போர், செஞ்சிப் பேருந்து நிலையத்தில் ஒரு மணிநேரம் நின்று வரும் வண்டிகளைப் படித்தால் உண்மை விளங்கும். அறமுள்ள தொடருக்குத் தமிழ்ச்சொல் தேடிக் கொடுப்பது நம் கடன். நஞ்சுள்ள தொடர் எத்துணைத் தனித்தமிழாயினும், அதனை அழித்து மேலே வேறெழுதச் சொல்வதும் நம் கடன்.

அதற்குச் செல்லவேண்டிய இடம் மேடையன்று, ஓவியரின் கொட்டகை. சுண்ணம் தோய்த்த நூலைப் பிடித்துத் தெறித்துக் கோடு போட்டு, நடுவெழுத்திலிருந்து இருபுறமும் இடத்தை அளந்து, பட்டைத் தூரிகையால் எழுதும் கைகள் இன்று குறைந்து வருகின்றன. கணிப்பொறியில் வெட்டி ஒட்டும் ஒளிர்தாள், ரேடியம் என்று மக்கள் சொல்வது, அவ்விடத்தைப் பிடித்துள்ளது. கையெழுத்தாளர் இடம் போதாதபோது எழுத்தை ஒடுக்குவார். ஒளிர்தாள் வெட்டுவோரோ ஒற்றை விட்டுவிடுகின்றனர். 'பிரசவத்திற்கு' என்பது 'பிரசவதிற்கு' என்று வெட்டப்பட்டு ஊரெல்லாம் உலாவும். வெட்டுமுன் ஒருவர் அருகிருந்து, ஒற்றைச் சுட்டிக்காட்டி, எழுத்தெண்ணி, 10 அடி தள்ளி நின்று படித்துப் பார்த்தால் போதும். வண்டிக்காரர் கையில் மூன்று தொடர் கொடுத்து, அவர் எதைப் படித்துச் சிரிக்கின்றாரோ அதை எழுதச் செய்தல் வேண்டும். அவர் சிரிக்காத தொடரை நாம் திணித்தால், அடுத்த வண்ணப்பூச்சில் அது போய்விடும்.

2025-இல் செஞ்சிக்கோட்டை உலக மரபுச் சின்னத் தொகுதியொன்றன் பகுதியாக யுனெசுகோவால் ஏற்கப்பட்டது. அரசகிரி ஏறப் பல திசையிலிருந்தும் மக்கள் வருகின்றனர். மலையடிவாரத்தில் அவர்கள் முதலில் ஏறுவது தானி; முதலில் காணும் தமிழெழுத்து அதன் முதுகில் இருப்பது. எழுத்துக்கூட்டித் தமிழ் கற்கும் சிறுவன் தந்தையின் வண்டிமேல் அமர்ந்து படிப்பதும் அதையே. மோசி வெட்டியது பாறை. அது தேய நூற்றாண்டுகள் ஆகும். தானியின் எழுத்து ஈராண்டில் உரியும். உரியும்போதெல்லாம் புதிதாக எழுத இடம் கிடைக்கும் என்பதே அதன் நன்மை. அடுத்த முறை அது உரியும்போது, அருகில் ஒரு தமிழர் நிற்பாராக.